5 மார்க் விடை ஒன்றரைப் பக்கம் போகிறது, கிடைப்பது இரண்டரை: எப்படிச் சுருக்கி எழுத வைப்பது?

நிலாவின்அம்மா

வணக்கம். மகள் பிளஸ் டூ, வரலாறு குரூப், தமிழ் மீடியம். நன்றாகப் படிக்கிறாள். கேட்டால் கடகடவென்று சொல்கிறாள். ஆனால் அரையாண்டுத் தேர்வு வரலாற்றுத் தாளில் கடைசி இரண்டு 5 மார்க் கேள்விகளைத் தொடவே நேரமில்லை. அதிலேயே 10 மார்க் போச்சு. எழுதிய 5 மார்க் விடைகளிலும் இரண்டரை, மூன்று என்றுதான் வந்திருக்கிறது. இவ்வளவு எழுதியும் ஏன் என்று அவளுக்கும் புரியவில்லை, எனக்கும் புரியவில்லை. நான் படித்தது அறிவியல்.

ஒரு விடையை அப்படியே தட்டச்சு செய்து போடுகிறேன். தண்டி யாத்திரை பற்றிய சில வரிகளையும் நடுவில் எழுதியிருந்த பாட்டையும் மட்டும் விட்டுவிட்டேன். மொத்தம் ஒன்றரைப் பக்கம், ஒரே பத்தி. கிடைத்தது இரண்டரை.

கேள்வி: சட்டமறுப்பு இயக்கத்தில் தமிழ்நாட்டின் பங்கினை விவரி.

> 1929ஆம் ஆண்டு லாகூரில் ஜவகர்லால் நேரு தலைமையில் கூடிய காங்கிரஸ் மாநாட்டில் முழு விடுதலையே நமது குறிக்கோள் என்று தீர்மானம் நிறைவேற்றப்பட்டது. 1930 ஜனவரி 26 நாடு முழுவதும் சுதந்திர நாளாகக் கொண்டாடப்பட்டது. காந்தியடிகள் 11 கோரிக்கைகளை இர்வின் பிரபுவுக்கு அனுப்பினார். அவர் அதை ஏற்காததால் 1930 மார்ச் 12 அன்று சபர்மதி ஆசிரமத்திலிருந்து 78 தொண்டர்களுடன் தண்டியை நோக்கி நடந்தார். வழியெங்கும் மக்கள் திரண்டு வரவேற்றனர். ஏப்ரல் 6 அன்று தண்டி கடற்கரையில் உப்பை அள்ளிச் சட்டத்தை மீறினார். இதைக் கேட்டு நாடே கொந்தளித்தது. தமிழ்நாடும் இதில் பின்தங்கவில்லை. தமிழ்நாட்டு மக்கள் நாட்டுப்பற்று மிக்கவர்கள். ராஜாஜி திருச்சியிலிருந்து வேதாரண்யத்துக்கு உப்புச் சத்தியாகிரக நடைப்பயணம் சென்றார். அவருடன் பல தொண்டர்கள் சென்றனர். அவர்கள் வழியெங்கும் பாட்டுப் பாடிக்கொண்டு சென்றனர். அவர்களுக்கு உணவு கொடுக்கக் கூடாது என்று ஆட்சியர் உத்தரவிட்டும் மக்கள் உணவளித்தனர். வேதாரண்யத்தில் உப்பு எடுத்ததால் ராஜாஜி கைது செய்யப்பட்டார். பெண்களும் இதில் கலந்துகொண்டனர். திருப்பூரில் குமரன் கொடியைக் காத்து உயிர் துறந்தார். இவ்வாறு சட்டமறுப்பு இயக்கத்தில் தமிழ்நாடு பெரும்பங்கு ஆற்றியது.

பிழையாக எதுவும் எழுதவில்லையே? பின் மார்க் எங்கே போகிறது?

செல்வா_பிகாம்

அக்கா, இது ரொம்ப ஈஸி. பத்தியாக எழுதுவதுதான் பிரச்சினை. பாயிண்ட் பாயிண்டாக எழுதச் சொல்லுங்கள். ஒரு பாயிண்டுக்கு ரெண்டு மூணு வார்த்தை போதும். "ராஜாஜி – வேதாரண்யம் – உப்பு", "குமரன் – திருப்பூர் – கொடி". இப்படி எட்டு பாயிண்ட், அடியில் கோடு, தலைப்புக்கு மட்டும் பச்சை ஸ்கெட்ச். பேப்பர் திருத்துறவங்களுக்கு நேரமே இருக்காது, கண்ணில் பட்டால் மார்க் போடுவாங்க. நான் அப்படித்தான் எழுதினேன்.

வரலாறு_ஆசிரியர்

செல்வா சொல்வதில் பாதி சரி. கண்ணில் படவேண்டும் என்பது உண்மை. பொதுத்தேர்வு விடைத்தாள்களைத் திருத்தும் மையத்துக்கு நான் பல வருடமாகப் போகிறேன். விடைக்குறிப்பைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, அதில் உள்ள கருத்து விடையில் இருக்கிறதா என்றுதான் தேடுவோம். ஒரே பத்தியில் புதைந்து கிடந்தால் தேடி எடுக்க வேண்டியிருக்கும். தேடினாலும் ஒன்றிரண்டு தப்பிப் போகலாம்.

ஆனால் "ராஜாஜி – வேதாரண்யம் – உப்பு" என்பது குறிப்பு, விடை ஆகாது. கேள்வியில் "விவரி" என்று இருக்கிறது. ராஜாஜி அங்கே என்ன செய்தார் என்று ஒரு முழு வாக்கியமாவது இல்லாவிட்டால் முழு மார்க் போட என் கை வராது. ஸ்கெட்ச் பேனாவை விட்டுவிடுங்கள். எழுதவும் அடிக்கோடிடவும் நீல மை அல்லது கருப்பு மை மட்டும்தான் என்று வினாத்தாளின் முதல் பக்கத்திலேயே போட்டிருக்கும்.

அம்மா, உங்கள் மகளின் விடைக்கு வருவோம். பிழை இல்லைதான். ஆனால் வாக்கியங்களை எண்ணிப் பாருங்கள். நீங்கள் போட்டிருப்பதில் 17 இருக்கின்றன. கேள்வியில் "தமிழ்நாட்டின் பங்கு" என்ற இரண்டு சொல்லுக்குக் கீழே கோடு போட்டுவிட்டு, ஒவ்வொரு வாக்கியத்திடமும் "இது தமிழ்நாட்டில் நடந்ததா?" என்று கேளுங்கள். முதல் ஏழும் லாகூர், சபர்மதி, தண்டி. எல்லாம் சரியான செய்தி, ஆனால் இந்தக் கேள்விக்கு ஒரு மார்க்கும் கிடையாது. எட்டும் ஒன்பதும் எதையும் சொல்லவில்லை. மார்க் தரக்கூடிய முதல் செய்தி பத்தாவது வாக்கியத்தில்தான் வருகிறது. அதற்குள் அவளுக்கு ஏழெட்டு நிமிடம் போயிருக்கும்.

பத்திலிருந்து பதினாறு வரை பாருங்கள். "பல தொண்டர்கள் சென்றனர்", "பெண்களும் கலந்துகொண்டனர்" என்று இருக்கிறது. எந்தப் பெண்? எந்த வருடம்? திருப்பூரில் எப்போது? குறிப்பில் இருக்கும் பெயரும் ஆண்டும் விடையில் இல்லை. தண்டிக்கு மட்டும் நாள், எண்ணிக்கை எல்லாம் துல்லியமாக எழுதியிருக்கிறாள். துல்லியம் தேவைப்பட்ட இடத்தில் அது இல்லை. இரண்டரை போட்டவர் நியாயமாகத்தான் போட்டிருக்கிறார்.

நிலாவின்அம்மா

சார், இப்போதுதான் புரிகிறது. அவளிடம் காட்டினேன். "தண்டி இல்லாமல் எப்படி ஆரம்பிக்கிறது? முன்னுரை வேண்டாமா?" என்று கேட்கிறாள். பள்ளியில் விரிவாக எழுது, பக்கம் நிறைந்தால்தான் மார்க் என்று சொல்லியிருக்கிறார்களாம்.

குரூப்1_பயணி

எனக்கும் இதே பிரச்சினை சார். குரூப் 1 மெயின்ஸ் எழுதுகிறேன். 15 மார்க் கேள்விக்கு முன்னுரை, உடல், முடிவுரை என்று மூன்றாகப் பிரித்து, நடுவில் ஒரு ஃப்ளோ சார்ட் போடச் சொல்கிறார்கள். முடிவுரையில் அரசுத் திட்டம் ஒன்றைச் சேர்த்தால் கூடுதல் மார்க் என்கிறார்கள். அந்தத் தங்கையும் ஒரு ஃப்ளோ சார்ட் போட்டுப் பார்க்கலாமே? முடிவுரையையும் இரண்டு வரியாவது நீட்டலாம்.

வரலாறு_ஆசிரியர்

தம்பி, உங்கள் தேர்வு வேறு. அங்கே உங்கள் பார்வையையும் எடைபோடுவார்கள். பிளஸ் டூவில் 5 மார்க்குக்கு முடிவுரை நீட்டினால் அந்த நேரம் அடுத்த கேள்வியிலிருந்துதான் போகும். ஃப்ளோ சார்ட் பற்றித் தனி இழை போடுங்கள், அங்கே பேசுவோம்.

அம்மா, முன்னுரைக்கு ஒரு வரி போதும். "1930இல் காந்தியடிகள் தொடங்கிய சட்டமறுப்பு இயக்கம் தமிழ்நாட்டில் உப்புச் சத்தியாகிரகமாகப் பரவியது." இதற்கு மேல் தண்டிக்கு இடமில்லை. இந்த வரியையும் விட்டுவிட்டு நேராக முதல் செய்திக்குப் போனாலும் நான் குறைக்க மாட்டேன்.

இப்போது நேரக் கணக்கு. தாள் 90 மார்க், எழுத 3 மணி நேரம். 10 மணிக்கு வினாத்தாள் கொடுத்து, படிக்கவும் விவரம் சரிபார்க்கவும் தருகிற 15 நிமிடம் இதில் சேராது. 20 ஒரு மார்க்குக்கு 20 நிமிடம். 7 இரண்டு மார்க், ஒன்றுக்கு 4 நிமிடம் வீதம் 28. 7 மூன்று மார்க், ஒன்றுக்கு 6 வீதம் 42. மிச்சம் 90 நிமிடம். அதில் கடைசி 6 நிமிடத்தைக் கேள்வி எண் சரிபார்க்க ஒதுக்கிவிட்டால் 84. ஏழு 5 மார்க் கேள்விக்கு ஆளுக்கு 12 நிமிடம்.

இந்த 12 நிமிடத்தில் உங்கள் மகளால் எத்தனை சொல் எழுத முடியும் என்று தெரியாமல் "சுருக்கமாக எழுது" என்று சொல்வதில் பயனில்லை. இன்று மாலை அவளுக்குத் தெரிந்த ஒரு விடையைக் கொடுத்து, சரியாக 5 நிமிடம் எழுதச் சொல்லுங்கள். பரீட்சையில் எழுதுகிற கையெழுத்தில் எழுத வேண்டும். எண்ணிச் சொல்லுங்கள்.

நிலாவின்அம்மா

எழுதவைத்தேன் சார். 5 நிமிடத்தில் 49 சொல்.

வரலாறு_ஆசிரியர்

சரி, நிமிடத்துக்குப் பத்து என்று வைத்துக்கொள்வோம். 12 நிமிடத்தில் யோசிக்க 2 போனால் எழுத 10. ஆக 100 சொல்தான் அவளுடைய கொள்ளளவு. நீங்கள் போட்ட விடையே அதைத் தாண்டுகிறது. விட்ட வரிகளையும் பாட்டையும் சேர்த்தால் அந்த ஒரு கேள்விக்கே 17, 18 நிமிடம் ஆகியிருக்கும். ஐந்து கேள்வியில் இப்படி ஐந்தாறு நிமிடம் கசிந்தால் கூட்டிப் பாருங்கள், தொடாமல் விட்ட இரண்டு கேள்விக்கான நேரம் அதற்குள்ளேயே இருக்கிறது.

100 சொல் என்று தெரிந்துவிட்டால் மற்றது எளிது. ஐந்து அல்லது ஆறு செய்தி, ஒவ்வொன்றுக்கும் 15 முதல் 20 சொல். அதாவது ஒரு துணைத்தலைப்பு, ஒன்றிரண்டு வாக்கியம்.

இனி அவள் விடையிலிருந்தே எடுப்போம். மிஞ்சுகிற செய்திகள் ராஜாஜியின் நடைப்பயணம், உணவளித்த மக்கள், பெண்கள், குமரன். நான்குதான் தேறுகிறது. சென்னையில் நடந்ததையும் கோட்டையில் கொடி ஏற்றியதையும் அவள் எழுதவே இல்லை. தெரியாமல் இருக்காது, கேட்டுப் பாருங்கள். தண்டியில் நின்றுவிட்டதால் அதற்கு இடம் கிடைக்கவில்லை. இரண்டையும் சேர்த்தால்:

> சென்னை: டி. பிரகாசம், கே. நாகேஸ்வர ராவ் இருவரும் உதயவனத்தில் முகாம் அமைத்தனர். காவல்துறை அவர்களைக் கைது செய்ததால் சென்னையில் கடையடைப்பு நடந்தது.
>
> வேதாரண்யம் நடைப்பயணம்: ராஜாஜி தலைமையில் தொண்டர்கள் 1930 ஏப்ரல் 13 அன்று திருச்சியில் புறப்பட்டு ஏப்ரல் 28 அன்று வேதாரண்யம் சேர்ந்தனர். உப்பு அள்ளிச் சட்டத்தை மீறிய ராஜாஜி கைதானார்.
>
> ஆட்சியரின் தடையும் மக்களும்: தொண்டர்களுக்கு உணவோ இடமோ தந்தால் தண்டனை என்று தஞ்சை ஆட்சியர் தார்ன் எச்சரித்தார். அதையும் மீறி வழியெங்கும் மக்கள் உணவளித்தனர்.
>
> பெண்கள்: உப்புச் சட்டத்தை மீறியதற்காகத் தண்டனை பெற்ற முதல் பெண் ருக்மணி லட்சுமிபதி.
>
> திருப்பூர்: 1932 ஜனவரி 11 அன்று கொடி ஊர்வலத்தில் காவலர்களால் கடுமையாகத் தாக்கப்பட்ட குமரன், கொடியைக் கைவிடாமல் உயிர்நீத்தார்.
>
> கோட்டையில் கொடி: 1932 ஜனவரி 26 அன்று 'ஆர்யா' பாஷ்யம் சென்னை புனித ஜார்ஜ் கோட்டையில் தேசியக் கொடி ஏற்றினார்.

இது 100 சொல்லுக்குள் அடங்கும். முதல் விடையில் இருந்ததைவிட இதில் செய்தி அதிகம், எழுத்து குறைவு. ஒவ்வொரு வாக்கியத்திலும் யார், எங்கே, என்ன நடந்தது என்பது இருக்கிறது. ஆண்டு தெரிந்த இடத்தில் ஆண்டும் இருக்கிறது.

மூன்றாவது தலைப்பைக் கவனியுங்கள். முதலில் "மக்கள் ஆதரவு" என்றுதான் எழுத வரும். அந்தத் தலைப்பை எந்தப் போராட்டத்துக்கும் போடலாம். அப்படி எந்த விடைக்கும் பொருந்துகிற தலைப்பு வந்தால், அதற்குக் கீழே எழுதப் போவதும் பொதுவாகத்தான் இருக்கும். தலைப்பிலேயே ஆட்சியர் வந்துவிட்டால், அவர் என்ன செய்தார் என்று எழுதியே ஆகவேண்டும்.

மலர்விழி_காமர்ஸ்

நான் வணிகவியல் எடுக்கிறேன். எங்கள் பாடத்தில் துணைத்தலைப்புக்கு அரை, விளக்கத்துக்கு அரை என்று பிரித்துப் போடுவது வழக்கம். அதனால் நேரம் இல்லையென்றால் தலைப்பையாவது எழுதிவிட்டு வா என்று பிள்ளைகளிடம் சொல்வோம். ஐந்து தலைப்பு என்றால் இரண்டரை நிச்சயம். வரலாற்றிலும் அப்படித்தானே சார்?

வரலாறு_ஆசிரியர்

அப்படி உறுதி சொல்ல மாட்டேன் மேடம். மேலாண்மைக் கோட்பாடுகள் என்றால் கோட்பாட்டின் பெயரே பாதி விடை. வரலாற்றில் "சென்னை" என்று மட்டும் எழுதினால் அது ஊர்ப் பெயர். எப்படிப் பிரிப்பது என்பது அந்தந்த ஆண்டின் விடைக்குறிப்பைப் பொறுத்தது. நான் உட்கார்ந்த மேஜைகளில் வெறும் தலைப்புக்கு அரை போட்டவர்களும் இருந்தார்கள், ஒன்றும் போடாதவர்களும் இருந்தார்கள். அதை நம்பித் திட்டமிடாதீர்கள். தலைப்பிலேயே செய்தி இருந்தால் இரு பக்கமும் பாதுகாப்பு: "திருப்பூர் குமரன் உயிர்த்தியாகம், 1932" என்று எழுதினால், விளக்கம் இல்லாவிட்டாலும் ஏதோ கிடைக்கும்.

மலர்விழி_காமர்ஸ்

ஒப்புக்கொள்கிறேன். ஆனாலும் அரை போடுகிறவர்கள்தான் அதிகம் என்பது என் அனுபவம்.

தஞ்சை_அருண்

ஒரு சந்தேகம். நானும் பிளஸ் டூ. 1931 மார்ச்சில் காந்தி-இர்வின் ஒப்பந்தம் வந்ததுமே சட்டமறுப்பு இயக்கம் முடிந்துவிட்டதே? அப்படியானால் 1932இல் நடந்த திருப்பூர் குமரனையும் கோட்டைக் கொடியையும் இதில் எழுதினால் தப்புதானே? தண்டியைக் கேள்விக்குச் சம்பந்தம் இல்லை என்று எடுத்தீர்கள். அதே நியாயத்தில் இவை இரண்டையும் எடுக்க வேண்டாமா?

வரலாறு_ஆசிரியர்

நல்ல கேள்வி தம்பி. ஒப்பந்தத்தோடு இயக்கம் நிறுத்தப்பட்டது உண்மை. ஆனால் காந்தியடிகள் இரண்டாம் வட்டமேசை மாநாட்டிலிருந்து வெறுங்கையோடு திரும்பியதும் 1932 ஜனவரியில் மீண்டும் தொடங்கியது. குமரனும் பாஷ்யமும் அந்த இரண்டாம் கட்டத்தில் வருகிறார்கள். அதனால் உள்ளேதான் வரும். உனக்கு வந்த சந்தேகம் திருத்துபவருக்கும் வரக்கூடாது என்றால் "1932இல் இயக்கம் மீண்டும் தொடங்கியபோது" என்று திருப்பூருக்கு முன்னால் நான்கு சொல் சேர்த்துக்கொள்.

நீ செய்த காரியம் முக்கியமானது. கேள்வியின் எல்லைக்குள் இருக்கிறதா என்று ஒவ்வொரு செய்தியையும் கேட்டுப் பார்க்கிறாய். அதை எழுதுவதற்கு முன்னால் அந்த இரண்டு நிமிடத்திலேயே செய்துவிடு.

செல்வா_பிகாம்

சார், அந்த இரண்டு நிமிடத்தில் என்ன செய்யணும்னு சொல்லுங்க. யோசிக்கிற நேரத்தில் நாலு வரி எழுதிடலாமேன்னுதான் எல்லாருக்கும் தோணும்.

வரலாறு_ஆசிரியர்

பென்சிலில், விடை எழுதப் போகும் பக்கத்தின் ஓரத்தில், ஆறு சொல். "செ, வேதா, ஆட்சி, ருக், திருப், கோட்". அவ்வளவுதான். எழுதி முடித்ததும் அதன் மேல் ஒரு கோடு இழுத்து அடித்துவிட வேண்டும். இந்த ஓரக்குறிப்பு இல்லாமல் எழுதத் தொடங்கும் பிள்ளை, மனப்பாடம் செய்த பாடத்தின் முதல் வரியிலிருந்துதான் தொடங்கும். பாடத்தில் அந்தப் பகுதி லாகூரில் தொடங்குகிறது, விடையும் லாகூரில் தொடங்கிவிடுகிறது. நிலா எழுதியதில் நடந்தது அதுதான்.

அப்புறம், ஓரக்குறிப்பில் ஒரே நிகழ்ச்சி மூன்று வேஷத்தில் வருகிறதா என்று பார்க்க வேண்டும். "ராஜாஜி தலைமை", "வேதாரண்யம் பயணம்", "உப்பு அள்ளுதல்" என்று மூன்று தலைப்புப் போட்டுவிட்டு மூன்று மார்க் எதிர்பார்ப்பார்கள். எனக்கு அது ஒரே செய்தி. தாராளமாகப் போட்டால் ஒன்றரை. எழுதியவர் மட்டும் ஐந்து பாயிண்ட் எழுதினேன், மூன்றுதான் வந்தது என்று வருத்தப்படுவார்.

நிலாவின்அம்மா

சார், நேற்று நிலா இந்தக் கேள்வியையே கடிகாரம் வைத்து எழுதினாள். ஓரக்குறிப்பு போட்டாள். 14 நிமிடம் ஆனது. சென்னைச் செய்தி அவளுக்கு நன்றாகவே தெரிந்திருந்தது, நீங்கள் சொன்னது போல. வேதாரண்யம் வந்ததும் மட்டும் பேனா நிற்கவில்லை. ஆறு வரி போய்விட்டது. "எனக்குப் பிடித்த பகுதி, விட மனசு வரலை" என்கிறாள்.

வரலாறு_ஆசிரியர்

அது எல்லாப் பிள்ளைகளுக்கும் உள்ளது. அதிகம் தெரிந்த செய்தியில்தான் நேரம் அதிகம் போகும். ஆனால் வேதாரண்யத்துக்கு உள்ள மார்க் இரண்டு வரியில் கிடைத்துவிட்டது. மூன்றாவது வரியிலிருந்து ஆறாவது வரி வரை எழுதியதற்கு எதுவும் ஏறாது. அந்த நான்கு வரியைக் கோட்டைக் கொடிக்குத் தந்திருந்தால் புதிதாக ஒரு மார்க்.

இதே கணக்கைத் தாள் முழுவதற்கும் போடுங்கள். ஒரு விடையை மூன்றரையிலிருந்து நாலரைக்கு இழுக்க ஐந்து நிமிடம் போராட வேண்டும். தொடாத கேள்வியில் அதே ஐந்து நிமிடத்தில் இரண்டு செய்தி எழுதினால் இரண்டு மார்க் வந்துவிடும். அதனால் 12 நிமிடம் முடிந்ததும் எழுதிக்கொண்டிருக்கும் வாக்கியத்தை முடித்துவிட்டு, கீழே நாலைந்து வரி இடம் விட்டு அடுத்த கேள்விக்குப் போகச் சொல்லுங்கள். மிச்ச நேரம் இருந்தால் திரும்பி வரலாம்.

பாட்டை அவள் படிக்கட்டும், பாடட்டும். இந்தக் கேள்வியில் மட்டும் எழுத வேண்டாம்.

தேன்மொழி

எல்லோரும் பாயிண்ட் பாயிண்ட் என்கிறீர்கள், எனக்கு ஒரு வருத்தம் உண்டு. நான் கல்லூரியில் வரலாறு எடுக்கிறேன். பள்ளியிலிருந்து வரும் பிள்ளைகள் எதைக் கேட்டாலும் ஆறு துண்டாகத்தான் எழுதுகிறார்கள். ஒன்றால் மற்றொன்று நடந்தது என்று எழுதவே வரவில்லை. ஒத்துழையாமை இயக்கம் ஏன் கைவிடப்பட்டது என்று கேட்டேன். "சௌரி சௌரா, காவல் நிலையம் எரிப்பு, 22 காவலர் இறப்பு, காந்தி முடிவு, தலைவர்கள் அதிருப்தி" என்று ஐந்து பாயிண்ட். ஐந்தும் சரி. ஏன் என்ற கேள்விக்கு மட்டும் விடை இல்லை.

வரலாறு_ஆசிரியர்

மேடம் சொல்வது நூற்றுக்கு நூறு உண்மை. கேள்விச் சொல்லைப் பார்த்துத்தான் எதையும் பிரிக்க வேண்டும். "பங்கினை விவரி", "விளைவுகள் யாவை" என்றால் செய்திகள் தனித்தனியாக நிற்கும், வரிசை மாறினாலும் கெடுதல் இல்லை. "ஏன்", "எவ்வாறு" என்றால் சங்கிலி. அதைத் துண்டாக்கக் கூடாது.

உங்கள் கேள்வியையே எடுத்துக்கொண்டால், 1922 பிப்ரவரியில் சௌரி சௌராவில் ஊர்வலத்தின் மீது காவலர்கள் சுட்டார்கள். அதனால் ஆத்திரமடைந்த கூட்டம் காவல் நிலையத்துக்குத் தீ வைத்தது, 22 காவலர்கள் இறந்தனர். அகிம்சையை மக்கள் இன்னும் முழுமையாக ஏற்கவில்லை என்று காந்தியடிகள் கருதியதால் இயக்கத்தை நிறுத்தினார். சிறையிலிருந்த நேரு போன்றோருக்கு அது ஏமாற்றமாக இருந்தது. இதில் "அதனால்", "கருதியதால்" என்ற சொற்களில்தான் மார்க் இருக்கிறது. இப்படிப்பட்ட கேள்விக்குத் தலைப்பு வேண்டாம். ஒவ்வொரு கண்ணியையும் புது வரியில் தொடங்கினால் போதும், திருத்துபவருக்கும் தெரியும், தொடர்ச்சியும் அறாது.

தேன்மொழி

புது வரி என்பது நல்ல யோசனை. ஆனாலும் பள்ளியில் இந்த வேறுபாட்டைச் சொல்லித் தருகிறவர்கள் குறைவு என்பதே என் எண்ணம்.

தஞ்சை_அருண்

சார், இன்னொன்று. தேதி சரியாக நினைவில்லை என்றால்? வேதாரண்யத்துக்கு ஏப்ரல் 28ஆ 30ஆ என்று குழம்பிவிடும்.

வரலாறு_ஆசிரியர்

உறுதியாகத் தெரிந்த அளவுக்கு எழுது. "1930 ஏப்ரல்" என்றால் போதும். அதுவும் குழப்பம் என்றால் "1930". தவறான நாளை எழுதினால் அந்தச் செய்திக்குக் கால் அல்லது அரை குறைக்க வாய்ப்பு உண்டு. நாளே இல்லையென்று குறைப்பது அரிது.

மலர்விழி_காமர்ஸ்

எங்கள் மையத்தில் வரலாற்றுத் திருத்துநர் ஒருவர் ஆண்டு சரியாக இருந்தால் நாளைப் பார்க்கவே மாட்டார். தவறாக இருந்தாலும் குறைக்க மாட்டார்.

வரலாறு_ஆசிரியர்

அப்படியும் இருக்கிறார்கள். ஆனால் யாரிடம் தாள் போகும் என்று மாணவருக்குத் தெரியாது அல்லவா? அதனால்தான் ஆண்டோடு நிறுத்து என்கிறேன்.

நிலாவின்அம்மா

இன்று மறுபடி எழுதினாள் சார், வேறு கேள்வி. ஓரக்குறிப்பில் ஆறு போட்டாள், அதில் ஒன்று இன்னொன்றின் மறுபதிப்பு என்று அவளே அடித்துவிட்டாள். 12 நிமிடத்தில் ஐந்தாவது செய்தி பாதியில் நின்றது. திருப்புதல் தேர்வு அடுத்த வாரம். ஏழு 5 மார்க்கையும் ஒரே மூச்சில் 84 நிமிடம் உட்கார்ந்து எழுத வைக்கலாமா, இல்லை தினம் இரண்டு இரண்டாகவா?

வரலாறு_ஆசிரியர்

இந்த வாரம் தினம் இரண்டு. ஏழையும் ஒரே மூச்சில் எழுதும்போது நாலாவது கேள்விக்கு மேல் கை வலிக்கும், நிமிடத்துக்குப் பத்து என்பது எட்டாகக் குறையும். அதைத் தேர்வுக்கு முந்தைய ஞாயிறு ஒரு தடவை பார்த்துவிடுங்கள். எட்டுதான் வருகிறதென்றால், கடைசி மூன்று விடைக்கு ஆறு செய்தி வேண்டாம், ஐந்தோடு நிறுத்தச் சொல்லுங்கள்.